எந்தச் செல்வி?

குரலால் மட்டும் இயங்கும் கருவியிடம் ஒருவர் சொன்ன சொல் இரண்டு மூன்று பொருள் தந்தால், கருவி திருப்பி ஒரு கேள்வி கேட்டுத்தான் தெளிவுபடுத்திக்கொள்ள முடியும். திரை உள்ள போனில் இது பெரிய வேலையல்ல. பெயர்கள் வரிசையாக நிற்கும், கண் மேலும் கீழும் போய்வரும், விரல் ஒன்றைத் தொடும். ஸ்பீக்கரிலோ சாதாரண தொலைபேசி அழைப்பிலோ அந்த வசதி கிடையாது. சொன்ன பெயர் சொன்ன கணத்திலேயே காற்றில் கரைந்துவிடும். முதல் பெயரை நினைவில் பிடித்துக்கொண்டே மூன்றாவதைக் கேட்டு, இதற்கிடையில் தனக்கு எது வேண்டும் என்றும் கேட்பவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கே கேள்வியின் வாக்கிய அமைப்பே பாதி வேலையைச் செய்கிறது.

சமையலறையில் மாவு பிசைந்த கையோடு ஒருவர், மேடை மேலிருக்கும் ஸ்பீக்கரிடம் “செல்விக்குப் போன் போடு” என்கிறார். அவருடைய போனில் ஆறு செல்விகள் இருக்கிறார்கள்: செல்வி அக்கா, செல்வி டீச்சர், செல்வி டெய்லர், செல்வி பேங்க், செல்வி புது நம்பர், அடைமொழி எதுவும் இல்லாமல் வெறும் செல்வி. திரைக்குப் பழகிய ஒருவர் எழுதிக்கொடுக்கும் வசனம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “செல்வி என்ற பெயரில் ஆறு தொடர்புகள் காணப்படுகின்றன. ஒன்று, செல்வி அக்கா. இரண்டு, செல்வி டீச்சர்…” என்று ஆறும் வாசித்து, ஒவ்வொன்றோடும் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து, “உங்கள் தேர்வுக்குரிய எண்ணைத் தயவுசெய்து கூறவும்” என்று முடியும். தாளில் படித்தால் குறை தெரியாது. காதால் கேட்டால் நான்காவது பெயர் வரும்போதே இரண்டாவது போய்விட்டிருக்கும்.

இதற்குக் காரணம் கேட்ட சொற்களைச் சிறிது நேரம் வைத்திருக்கும் நினைவின் இயல்பு. அந்த நினைவு ஒரு குட்டி ஒலிநாடா போல வேலை செய்கிறது. மனதுக்குள் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தால்தான் சொல் தங்கும். பிரிட்டனின் ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் 1975-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 2 விநாடிக்குள் வாயால் சொல்லி முடிக்கக்கூடிய அளவே அந்த நாடாவில் நிற்கிறது. அப்படியென்றால் எத்தனை சொற்கள் என்பதைப் போலவே அவை எவ்வளவு நீளம் என்பதும் கணக்கில் வரும். தமிழில் எண்ணுப் பெயர்கள் நீளமானவை. ஒன்பது, இரண்டு, பூஜ்ஜியம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று அசை ஆகிறது. ஒரு கைபேசி எண்ணை நிதானமாகச் சொல்ல நான்கைந்து விநாடி பிடிக்கும். ஒரே ஒரு எண்ணை வாசித்தாலே அதற்கு முன் கேட்ட பெயர்கள் நாடாவிலிருந்து அழிந்துவிடும் என்பதால், தெளிவுக் கேள்வியில் போன் எண்ணை வாசிப்பது போன்ற வீண்வேலை வேறில்லை.

ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை மேற்கோள் காட்டி, மனிதர் ஏழு உருப்படிகளை நினைவில் வைப்பார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஏழு, கொடுத்த பட்டியலை அப்படியே திருப்பி ஒப்பிப்பது சம்பந்தப்பட்டது. ஸ்பீக்கரின் கேள்வியைக் கேட்பவர் ஒப்பிப்பதில்லை; ஒவ்வொன்றையும் தன் தேவையோடு ஒட்டிப் பார்க்கிறார், அடுப்பையும் கவனிக்கிறார். நெல்சன் கோவன் 2001-இல் கணக்கை நான்கு வரை குறைத்தார். குரல் வசனம் எழுதுகிறவர்கள் ஒரு மூச்சில் மூன்றுக்கு மேல் வைக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: அந்தப் பட்டியல் யாருடைய மனதில் இருக்கிறது? செல்விகளின் பட்டியல் கேட்பவருடையது. பெயர்களைப் பதிந்து வைத்ததே அவர்தான். அவருக்கு அதை வாசித்துக் காட்டவே வேண்டாம். “எந்தச் செல்வி?” என்ற இரண்டு சொல் போதும். அவர் “அக்கா” என்றோ “டீச்சர்தான்” என்றோ சொல்லிவிடுவார். நினைவுச் சுமை ஏதும் இல்லை. எழுதுபவர்கள் அதிகம் தவறவிடுவதும் இந்தச் சின்னக் கேள்வியைத்தான். கருவிக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் குறுக்கே வந்துவிடுகிறது.

அந்தச் சின்னக் கேள்விக்கு “செல்விதான், வேற யாரு?” என்று பதில் வந்தால்தான் பட்டியலுக்குப் போக வேண்டும். அப்போதும் ஆறும் தேவையில்லை. அடிக்கடி பேசும் இருவரை முன்னே வைத்து, மற்றவர்களுக்கு ஒரு வாசல் திறந்து விட்டால் போதும்: “அக்காவா, டீச்சரா, வேற செல்வியா?” ‘செல்வி’ என்ற பொதுச் சொல்லை ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லாததால் நாடாவில் இடம் மிஞ்சுகிறது. வேறுபடும் சொல் மட்டும் காதில் விழுகிறது. பதிலாகத் திருப்பிச் சொல்ல வேண்டிய சொல்லும் அதுவேதான். “ஒன்று, இரண்டு” என்று எண் கொடுத்திருந்தால் பெயரையும் எண்ணையும் ஜோடி சேர்த்து நினைவில் வைக்க வேண்டியிருக்கும்.

‘ஆ’ என்ற வினா எழுத்து இங்கே பெரிய உதவி. தமிழில் ஒவ்வொரு பெயரோடும் அது ஒட்டிக்கொள்வதால், கேள்வி தனியாக ஒரு வாக்கியமாக வர வேண்டியதில்லை, பட்டியலே கேள்வியாகிவிடுகிறது. ஆனால் அதே எழுத்தில் ஒரு கண்ணியும் இருக்கிறது. “அக்காவா” என்பது தனியே நின்றால் ஆம், இல்லை என்று பதில் கேட்கும் முழுக் கேள்வி. மனிதர் பேச்சில் ஒருவர் நிறுத்தியதும் மற்றவர் பதில் தொடங்க ஆகும் நேரம், பல மொழிகளில் அளந்து பார்த்ததில், சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். குரல் பதிவில் முதல் பெயருக்குப் பின் அரை விநாடி இடைவெளி விட்டால், கேட்பவர் “ஆமா” என்றோ “இல்லை” என்றோ சொல்லிவிடுவார். அதற்குள் கருவி “டீச்சரா” என்று தொடர்ந்திருக்கும். அந்த “ஆமா” யாருக்கு?

இதைச் சமாளிக்க இரண்டு வழி சேர்ந்து வேண்டும். ஒன்று, பெயர்களுக்கு இடையே குரல் இறங்காமல், இடைவெளியும் நீளாமல் பதிவு செய்வது. மற்றொன்று, கருவி பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்கவும் செய்வது. அப்போது எந்தப் பெயர் ஒலித்த நேரத்தில் “ஆமா” வந்தது என்பது தெரியும். பட்டியல் முழுவதும் முடிந்த பின் வெறும் “ஆமா” வந்தால், அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதில் பயனில்லை. “அக்காவுக்குப் போடட்டுமா?” என்று ஒற்றைக் கேள்வியாக்கினால் அடுத்த “ஆமா” பொருளுள்ளதாகும்.

கேள்வி எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். காதால் கேட்ட பட்டியலில் கடைசி உருப்படி மற்றவற்றைவிட நன்றாக நிற்கும். ஆனால் அதன் பின் தேவையற்ற ஒரே ஒரு சொல்லை ஒலித்தாலும் அந்தச் சாதகம் பெரும்பாலும் போய்விடுகிறது என்று 1969-இல் க்ரௌடரும் மார்ட்டனும் காட்டினார்கள். “உங்கள் தேர்வைத் தயவுசெய்து கூறவும்” என்ற மரியாதை வாக்கியம் செய்வது இதைத்தான். மரியாதை வேண்டுமென்றால் அது பட்டியலுக்கு முன்னால் வரட்டும். கடைசிப் பெயரின் ‘ஆ’வோடு கருவி வாயை மூடிக்கொள்வதே நல்லது.

பெயர்களை அடுக்கும் வரிசையில் இன்னொரு சிக்கல். ‘டீச்சர்’, ‘டெய்லர்’ இரண்டும் ஒரே மெய்யொலியில் தொடங்கி ஒரே எழுத்தில் முடிபவை. மிக்சி ஓடும் சமையலறையில் கேட்பவருக்கும் குழம்பும், கருவிக்கும் குழம்பும். டெய்லரைத் ‘தையல்காரர்’ என்று மாற்றிச் சொல்லலாமே என்று தோன்றும். செய்யக் கூடாது. அவர் பதிந்து வைத்த பெயர் டெய்லர். அவர் வாயில் வரப்போவதும் அதுதான். இருவரையும் ஒரே கேள்வியில் நிறுத்தாமல் பிரிப்பதே சரி. பிறகு போடும்போது “செல்வி டெய்லருக்குப் போடுகிறேன்” என்று சொல்லி, “வேண்டாம்” என்று தடுக்க ஒரு விநாடி கொடுத்தால் பிழை நேர்ந்தாலும் அங்கேயே நின்றுவிடும். அடைமொழி இல்லாத செல்விதான் எல்லாரிலும் கடினம். திரையில் அது பட்டியலில் ஒரு வரி. காதுக்கு அதைச் சொல்ல வழியே இல்லை. “நேற்று சாயங்காலம் பேசிய செல்வியா?” என்று பழக்கத்தைச் சுட்டித்தான் அவரைக் குறிப்பிட முடியும்.

பட்டியல் கருவியிடம் மட்டும் இருந்தால் கதை மாறும். ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்து நேரம் கேட்கிறவருக்கு எந்த நேரங்கள் காலி என்று தெரியாது. அவரிடம் “எந்த நேரம்?” என்றால், இல்லாத நேரங்களாகச் சொல்லி அலுத்துப்போவார். ஏழு நேரங்கள் காலியாக இருந்தால் முதலில் “வியாழக்கிழமை காலையிலா, மாலையிலா?” என்று பாதியாக்க வேண்டும். மாலை என்றால், “மாலையில் மூன்று நேரம் இருக்கிறது: நாலரை, ஐந்தே கால், ஆறு. எது வசதி?” எத்தனை வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்வதால், முதலாவது ஓரளவு ஒத்துவந்தாலும் கேட்பவர் கடைசி வரை காத்திருப்பார். ‘எது வசதி’ கடைசியில் வருவது முன் சொன்னதற்கு முரண்தான். நேரத்தோடு ‘ஆ’ ஒட்டினால் “நாலரையா” என்று ஒவ்வொன்றும் தனிக் கேள்வியாகத் தொனிக்கும் என்பதால், இரண்டு குட்டிச் சொற்களின் இழப்பை இங்கே ஏற்கலாம்.

பதில் வராதபோது, ஏன் வரவில்லை என்று பிரித்தறிய வேண்டும். தொலைபேசிக் குரல் சேவைகளை எழுதப் பயன்படும் வாய்ஸ்எக்ஸ்எம்எல் மொழியிலேயே இதற்கு இரண்டு தனிப் பெயர்கள் இருக்கின்றன: எதுவுமே பேசாவிட்டால் `noinput`, பேசியது பொருந்தாவிட்டால் `nomatch`. மௌனம் பெரும்பாலும் பட்டியல் மறந்துபோனதன் அடையாளம். அதற்குப் பட்டியலைச் சுருக்கித் திரும்பச் சொல்ல வேண்டும். பொருந்தாத பதில் வந்தால் கேட்பவர் பட்டியலுக்கு வெளியே எதையோ தேடுகிறார். அவரிடம் அதே பட்டியலைத் திரும்ப வாசிப்பது எரிச்சலைத்தான் கூட்டும்.

கேள்வி சரியில்லை என்பது பதில்களிலேயே தெரியும். “என்ன?”, “திரும்பச் சொல்லு” என்பவை அடிக்கடி வருவது, இரண்டில் ஒன்றைக் கேட்டால் “ஆமா” வருவது, எந்த வரிசையில் வைத்தாலும் கடைசிப் பெயரையே பலர் தேர்ந்தெடுப்பது: மூன்றுமே கேள்வி நினைவுக்கு மிஞ்சிய நீளத்தில் இருப்பதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டுபிடிக்கக் கருவி தயாராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுதியவர் கேள்வியை ஒரே ஒரு தடவை, சாதாரண வேகத்தில், முதுகு காட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சொல்லிப் பார்க்கலாம். அவர் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வசனத்தை மறுபடி எழுத வேண்டும்.