இயந்திரம் 3-ஐ எப்படிக் கற்கிறது?

(கல்லூரி டீப் லேர்னிங் மன்றத்தில் முதலாமாண்டு மாணவர்களுக்கான வரவேற்புரை)

நியூரல் நெட்வொர்க் என்றதும் கணக்கை நினைத்துத் தயங்க வேண்டாம். இன்றைக்குப் பெருக்கலும் கூட்டலும் போதும்.

கையால் எழுதிய எண்களை அடையாளம் காணும் வேலையை எடுத்துக்கொள்வோம். இதற்கென எம்னிஸ்ட் என்றொரு படத் தொகுப்பு இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊழியர்களும் பள்ளி மாணவர்களும் எழுதிய எண்கள் அவை. பயிற்சிக்கு 60,000 படங்கள், சோதனைக்கு 10,000. ஒவ்வொரு படத்திலும் 28-க்கு 28 என 784 பிக்சல்கள். கறுப்புப் பின்னணி 0, வெள்ளைக் கோடு 1. கணினிக்குப் படம் என்பது இந்த 784 எண்கள்தான்.

மிக எளிய நெட்வொர்க்கில் 0 முதல் 9 வரை எண்ணுக்கு ஒன்றாகப் பத்து நியூரான்கள். ஒவ்வொரு நியூரானும் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எடை வைத்திருக்கும். பிக்சலை எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது அதன் மதிப்பெண். அதிக மதிப்பெண் வாங்கிய நியூரான் சொல்வதே விடை. தொடக்கத்தில் எடைகள் மனம்போன போக்கில் போட்ட சிறு எண்கள் என்பதால் விடையும் குருட்டாம்போக்கில்தான் வரும்.

இப்போது ஒரு 3-ஐக் காட்டுகிறோம்; அது 8 என்கிறது. உடனே கோடு விழுந்த பிக்சல்களில் மட்டும் 3-இன் எடைகளைக் கொஞ்சம் ஏற்றி, 8-இன் எடைகளைக் கொஞ்சம் இறக்குகிறோம். 0 ஆக இருந்த பிக்சலை எதனால் பெருக்கினாலும் 0 தானே! தவறில் அதற்குப் பங்கில்லை; அதன் எடையைத் தொடுவதில்லை. 60,000 படங்களையும் திரும்பத் திரும்பக் காட்டி இப்படித் திருத்துவதையே ‘கற்றல்’ என்கிறோம். இதிலேயே சோதனைப் படங்களில் சுமார் 92 விழுக்காடு சரியாக வரும். நடுவில் இன்னும் நியூரான் அடுக்குகளைச் சேர்த்தால் 98-ஐயும் தாண்டும். அடுக்குகள் பெருகுவதால்தான் அது ‘டீப்’.

ஆனால் வெள்ளைத் தாளில் நீலப் பேனாவால் 3 எழுதி, படமெடுத்து, அப்படியே கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் உளறும். காரணம் மூலைகளில் இருக்கிறது. பயிற்சிப் படங்களில் மூலைப் பிக்சல்கள் எப்போதும் 0. அவற்றின் எடைகள் ஒருமுறைகூடத் திருத்தப்படவில்லை. உங்கள் தாளிலோ மூலை வெள்ளை, அதாவது 1. எதையும் கற்காத எடைகள் முதன்முறையாகக் கணக்கில் புகுந்துவிடுகின்றன. மூலைப் பிக்சலின் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தாலே கோளாறு தெரிந்துவிடும். கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி, எண்ணை நடுவுக்குக் கொண்டுவந்தால் பெருமளவு சரியாகும்.

தீராத குறை ஒன்று உண்டு. ‘அ’ எழுதிக் காட்டினாலும் அது ஏதோ ஓர் எண்ணைத்தான் சொல்லும். ‘தெரியாது’ என்று சொல்ல அதற்குப் பதினோராவது நியூரான் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு 0 முதல் 9 வரை உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். எது எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று சேர்ந்தே தேடுவோம்.