மின்னஞ்சலில் விலை பேசுதல்: பணிவும் உறுதியும்

மட்டக்களப்புக் கடையொன்றில் நாம் விலை பேசும்போது, "கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ" என்கிறோம். கடைக்காரருக்கு அது போதும். நமது முகத்தையும், அடுத்த கடைப்பக்கம் திரும்பும் காலையும் அவர் காண்கிறார். மின்னஞ்சலில் முகமும் இல்லை, காலும் இல்லை. அதே சொற்களை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அப்படியே மாற்றினால், "விலையைக் கண்ணால் பார்த்து வையுங்கள்" என்பதுபோல் எதுவும் விளங்காத வாக்கியமே கொழும்பு வியாபாரியைச் சென்றடையும்.

1990இலும் 2007இலும் இடம்பெயர்ந்து, பின்னர் படுவான்கரைக்குத் திரும்பிய குடும்பங்கள் பல, இழந்த கருவிகளை மீண்டும் வாங்க வேண்டியிருந்தது. இன்றும் பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வாங்கினால் மொத்த விலை கேட்கலாம். அதற்கு எழுத்தில் பேரம் பேசத் தெரியவேண்டும். ஓர் உதாரணத்தை எடுத்து அதைப் பார்ப்போம். விலைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்தவை.

பத்துக் குடும்பங்கள் பத்து நீரிறைக்கும் இயந்திரங்கள் வாங்க விரும்புகின்றன. பட்டினக் கடையில் ஒன்று 65,000 ரூபா. கொழும்புக் கொம்பனி ஒன்று, மட்டக்களப்பில் கொண்டுவந்து தர 64,000 ரூபா என்று எழுதுகிறது. குடும்பங்களின் சேமிப்பும் கடனும் சேர்ந்து 600,000 ரூபாதான். அதாவது, வீட்டு வாசலில் வந்திறங்கும்போது ஒன்று 60,000 ரூபாவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இரண்டு குடும்பங்கள் விலகவேண்டி வரும். இந்த எல்லையைக் கடிதம் எழுதுமுன் எல்லோரும் கூடித் தீர்மானித்துத் தமக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற் கடிதத்தில் பேரம் பேசாமல் கேள்வி கேட்பது நல்லது. "இந்த விலையில் வற் வரி அடங்கியுள்ளதா?" என்று கேட்கவேண்டும். 2024 தை மாதம் முதல் இவ்வரி 18 சதவீதம். 64,000 ரூபாவுக்கு வெளியே வரி இருந்தால் விலை 75,520 ரூபாவாகிவிடும். அத்துடன், "பத்து எடுத்தால் ஒன்று என்ன விலை? இவ்விலை எத்தனையாம் திகதிவரை செல்லும்?" என்றும் கேட்கலாம்.

கேள்விக்கும் எதிர்விலைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1840இல் இங்கிலாந்தில் ரெஞ்ச் என்பவர் தமது பண்ணையை 1,000 பவுணுக்குத் தருவதாகச் சொன்னார். ஹைட் என்பவர் 950 பவுண் தருவதாக எழுதினார். ரெஞ்ச் மறுத்ததும், "சரி, 1,000 பவுணுக்கே எடுக்கிறேன்" என்றார் ஹைட். பண்ணை கிடைக்கவில்லை, வழக்கிலும் தோற்றார். 950 என்று எதிர்விலை சொன்னபோதே பழைய விலை இறந்துவிட்டது என்பதே தீர்ப்பு. ஆனால் 1880இல் இன்னொரு வழக்கில், இரும்பு வாங்க வந்தவர்கள், பணத்தை முழுவதும் உடனே கொடுக்காமல் இரண்டு மாதத்தில் பொருளை எடுக்க முடியுமா என்று விசாரித்தார்கள். அது வெறும் கேள்வி, பழைய விலையைக் கொல்லவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே, 64,000 ரூபாவையும் கைவிட மனமில்லாதபோது கேள்வியாக எழுதவேண்டும். அதைக் கைவிடத் தயாரானபின்தான் எதிர்விலை எழுதவேண்டும்.

இனி எதிர்விலைக் கடிதம். இங்கேதான் தமிழின் பணிவு நம்மைக் கைவிடுகிறது. "முடிந்தால் குறைத்துத் தாருங்கள்" என்று எழுதினால், "முடியாது" என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். அவருக்கு அந்தப் பதிலை நாமே கையில் கொடுத்துவிட்டோம். "கட்டாயம் குறைத்தே ஆகவேண்டும்" என்றால், மொழிபெயர்ப்பில் அது மேலதிகாரியின் கட்டளையாகிறது. "செவ்வாய்க்கிழமை பணம் தரலாம்" என்பதில் இன்னொரு சிக்கல். தருவது யார் என்பது அதில் இல்லை. "தரலாம்" என்பது தருவோம் என்பதா, தரக்கூடும் என்பதா, நீங்கள் தாருங்கள் என்பதா என்று மொழிபெயர்ப்பவர் ஊகிக்கவேண்டும். "நீங்கள்" என்ற மரியாதையும் ஆங்கிலத்தில் மறைந்துவிடும். அங்கே சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே சொல்தான்.

எனவே பணிவை நன்றியிலும் காரணத்திலும் வைப்போம். உறுதியைத் தொகையிலும் திகதியிலும் வைப்போம். இப்படி எழுதலாம்:

"ஐயா, உங்கள் விலைக்கடிதத்துக்கு நன்றி. நாங்கள் பத்து விவசாயக் குடும்பங்கள். பத்து இயந்திரங்களையும் ஒரே தடவையில் வாங்குவோம். ஒன்றுக்கு நாங்கள் கொடுக்கும் விலை 57,000 ரூபா, வரி உட்பட. பத்துக்கும் 570,000 ரூபா. இயந்திரங்களை இயக்கிப் பார்த்த அன்றே முழுப் பணத்தையும் நாங்கள் வங்கியில் செலுத்துவோம். உங்கள் பதிலை ஒக்டோபர் 10ஆம் திகதிக்குள் எதிர்பார்க்கிறோம்."

இதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்பவர் யார் என்பது தெரிகிறது. ஐந்து இலட்சத்து எழுபதாயிரம் என்று எழுதாமல் இலக்கத்தில் எழுதியிருக்கிறோம். இலட்சம் என்பது வெளிநாட்டார் பலருக்குத் தெரியாத சொல். திகதியிலும் மாதத்தின் பெயரை எழுதியிருக்கிறோம். 10/5 என்றால் சிலர் மே 10 என்பார்கள், சிலர் ஒக்டோபர் 5 என்பார்கள்.

அனுப்புமுன் ஒரு சோதனை உண்டு. மொழிபெயர்த்த கடிதத்தை, தமிழ்க் கடிதத்தைப் பார்க்காத வேறொருவரிடம் கொடுத்து, அதைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். எத்தனை, என்ன விலை, எங்கே ஒப்படைப்பு, யார் எப்போது பணம் தருவது என்பவை அப்படியே திரும்பி வந்தால் கடிதம் சரி. ஒன்று மாறினாலும் தமிழ் வாக்கியத்தைத் திருத்தி, மறுபடி மொழிபெயர்க்க வேண்டும்.

கொம்பனியின் பதில் வருகிறது: "டொலர் ஏறிவிட்டது. 62,500 ரூபாவுக்குக் கீழே இறங்க இயலாது." 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போனதைக் கண்டவர்கள் நாம். அவர் காரணத்தைப் பொய் என்று எழுதவேண்டாம். இரண்டு விலைக்கும் நடுவே வெட்டிக்கொள்வோம் என்றும் எழுதவேண்டாம். அப்படிச் செய்தால் 59,750 ரூபாவில் நமது எல்லையில் 250 ரூபாதான் மிஞ்சும். அவருக்குச் செலவு குறையும் ஒன்றைக் கொடுத்து விலையைக் கேட்க வேண்டும். கொழும்புக்கு அரிசி ஏற்றிப்போகும் லொறி வெறுமையாகத் திரும்புகிறது. அதில் ஏற்ற இயந்திரத்துக்கு 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நாம் எழுதுகிறோம்: "உங்கள் நிலைமை எங்களுக்கு விளங்குகிறது. உங்கள் களஞ்சியத்தில் நாங்களே ஏற்றிக்கொள்வோம். அங்கே ஒன்றுக்கு 58,000 ரூபா தருவோம். மற்ற நிபந்தனைகள் மாறவில்லை." அவர் 58,500 என்கிறார். லொறிக் கூலியுடன் 59,500 ரூபா, பத்துக்கும் 595,000. எல்லைக்குள் வந்துவிட்டது. முதல் விலையைவிட 45,000 ரூபா மிச்சம். உத்தரவாதத்தை விட்டுக்கொடுத்து விலை குறைக்கச் சொன்னால் மட்டும் இணங்கக்கூடாது. மாரி முடியுமுன் இயந்திரம் பழுதானால் அந்த மிச்சம் போய்விடும்.

"இயன்றதைச் செய்வோம்" என்று பதில் வந்தால் அது சம்மதமல்ல. தொகை எழுதி வரும்வரை லொறியை அனுப்பவேண்டாம். அதேபோல் நாமும் "சம்மதம்" என்று எழுதுமுன் ஒருமுறை நிதானிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னஞ்சலில் எழுதிய சம்மதமும் உடன்படிக்கையாக நிற்கும். ஆகையால் கடைசிக் கடிதத்தில் எண்ணிக்கை, விலை, வரி, இடம், திகதி ஐந்தையும் மறுபடி எழுதி, பத்துக் குடும்பங்களுக்கும் வாசித்துக்காட்டிய பின்பே அனுப்புங்கள்.