எத்தனை ரூபாய் போய்ச் சேரும்?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் பணம் அனுப்பும் கடைகளின் முன் வரிசை நீளும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுக்க உழைத்தவர்கள் புதுக்கோட்டைக்கும் சிவகங்கைக்கும் பணம் அனுப்ப வந்திருப்பார்கள். எந்த வரிசையில் நிற்பது என்று முடிவு செய்யுமுன் அவர்கள் அண்ணாந்து பார்ப்பது, ஒரு வெள்ளிக்கு இன்று எத்தனை ரூபாய் என்று காட்டும் பலகையை. ஒரு பணப் பரிமாற்ற நிறுவனத்தின் முகம் அந்தப் பலகைதான் என்பது என் எண்ணம். சின்னமும் நிறமும் அதற்குப் பிறகுதான் வரும்.

நிறத்துக்கும் வேலை உண்டு. 1871 முதல் பணம் அனுப்பும் தொழிலில் இருக்கும் வெஸ்டர்ன் யூனியனின் மஞ்சளும் கறுப்பும், ஆங்கிலம் தெரியாதவருக்கும் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். ஆனால் நிறம் கடைவாசல் வரைக்கும்தான் அழைத்துவரும். உள்ளே போனவர் அடுத்த மாதமும் வருவாரா என்பதைக் கணக்குதான் தீர்மானிக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முருகன் 500 வெள்ளி அனுப்புகிறார். முதல் கடை 'கட்டணமே இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் அது தரும் விலை 63.80. வீட்டுக்குப் போவது 31,900 ரூபாய். அடுத்த கடை 4 வெள்ளி கட்டணம் கேட்கிறது, விலை 64.80. மிச்சம் 496 வெள்ளிக்கு 32,140 ரூபாய் கிடைக்கிறது. கட்டணம் வாங்கிய கடையில்தான் 240 ரூபாய் கூடுதல். முதல் கடை தன் லாபத்தை விலைக்குள் வைத்திருக்கிறது.

வெளியே தெரியாத இந்தப் பிடித்தத்தை அம்பலப்படுத்தியே பெயர் வாங்கிய நிறுவனம் ஒன்று உண்டு. எஸ்தோனியாவைச் சேர்ந்த இருவர் 2011இல் லண்டனில் தொடங்கிய டிரான்ஸ்ஃபர்வைஸ், சந்தை விலையையும் தன் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டியது. 2021இல் பெயரை வைஸ் என்று சுருக்கிக்கொண்டபோதும் அந்த வழக்கத்தை விடவில்லை. தமிழ்த் தொழிலாளர்களுக்காகச் சேவை தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியதும் இதுதான். 'வீட்டுக்கு 32,140 ரூபாய் போய்ச் சேரும்' என்ற எண் பலகையிலும் செயலியிலும் ரசீதிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது தமிழ் எழுத்து. தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் அச்சடித்த விளம்பரங்களில் 'சேமிப்பு' என்பதன் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் இடறி நிற்கும். தன் மொழியை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காத நிறுவனத்தை நம்பி ஒருவர் எப்படி மாதச் சம்பளத்தைக் கொடுப்பார்? அழகான புது எழுத்துரு செய்வதைவிட, தமிழ் தெரிந்த ஒருவரிடம் அச்சுக்குப் போகுமுன் காட்டுவது முக்கியம்.

பெயர் எழுதும் கட்டங்களிலும் இதே அக்கறை தெரியும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ஊர் வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும் படிவத்தில் எதையாவது எழுதி வைக்க, பெயர் பொருந்தவில்லை என்று பணம் நடுவழியில் நின்றுவிடும். 'வாங்குபவர் பெயர், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே' என்று ஒரே கட்டம் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ஊரில் இருக்கும் அம்மாவோ கடையையும் பார்ப்பதில்லை, செயலியையும் பார்ப்பதில்லை. அவருக்கு வருவது வங்கியின் ஒரு குறுஞ்செய்தி. இந்தியாவில் பணத்தைக் கணக்கில் சேர்ப்பது பெரும்பாலும் ஒரு கூட்டாளி வங்கி என்பதால், அதில் மகன் பெயரோ மகன் போன கடையின் பெயரோ இல்லாமல் போகலாம். அதனால் நிறுவனமே தனியாகத் தமிழில் ஒரு செய்தி அனுப்புவது நல்லது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள், தமிழில் 70தான். 'கொடு' என்ற இரண்டு எழுத்தே நான்கு குறிகளைத் தின்றுவிடும். 'முருகன் அனுப்பிய ரூ.32,140 உங்கள் கணக்கில் வந்துவிட்டது' என்பது அந்த அளவுக்குள் அடங்கும். வாழ்த்து, விளம்பரம் எதற்கும் இடமில்லை, தேவையும் இல்லை.

பணம் சேராத நாளுக்கும் ஒரு செய்தி தயாராக இருக்க வேண்டும். ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் பதினோரு இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஓ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. நல்ல செயலி அதை அங்கேயே திருத்தச் சொல்லும். அதையும் மீறித் திரும்பி வந்த பணம் எங்கே இருக்கிறது, எப்போது கைக்கு வரும், யாரைத் தமிழில் கூப்பிட்டுக் கேட்கலாம் என்ற மூன்றையும் அன்றைக்கே முருகனுக்குச் சொல்லிவிட வேண்டும்.