எரிச்சா வெயிட் ஏறுமா, குறையுமா?

இன்னிக்கு ஒரு சின்ன ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்ல நான் எழுதின ஒரு ரீடிங் பொய். 0.24 கிராம் மெக்னீசியம் ரிப்பனை எரிச்சா 0.40 கிராம் வெள்ளைப் பொடி வரணும். எனக்கு வந்தது 0.36. பக்கத்து டேபிள்காரன் 0.40-ன்னு போட்டிருந்தான், நானும் அதையே போட்டுட்டேன். அந்த 0.04 கிராம் எங்க போச்சுன்னு யாருமே கேக்கல.

முதல்ல 0.40 எப்படி வருது? காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் மெக்னீசியத்தோட சேருது. 24 கிராம் மெக்னீசியம் 16 கிராம் ஆக்ஸிஜனைப் பிடிச்சுக்கிட்டு 40 கிராம் மெக்னீசியம் ஆக்ஸைடா மாறும். அதாவது வெயிட் ஏறணும். விறகு எரிஞ்சா சாம்பல்தானே மிஞ்சுதுன்னு பழகின நமக்கு இது கொஞ்சம் இடிக்கும். விறகுல உருவாகிற வாயுக்கள் பறந்து போயிடுது, மெக்னீசியத்துல உருவாகிற பொருள் அங்கேயே உக்காந்துக்குது, அவ்ளோதான் வித்தியாசம்.

இப்போ என் 0.36-க்கு வருவோம். சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் ரெண்டு பேர். ஒண்ணு, புகை. குரூசிபிள் மூடியைத் தூக்கும்போது கிளம்புற வெள்ளைப் புகையே மெக்னீசியம் ஆக்ஸைடுதான். மூடியை லேசாத் தூக்கி, காத்து உள்ள போனதும் உடனே மூடணும். நான் வேடிக்கை பாக்கிறதுக்காகத் திறந்தே வெச்சிருந்தேன்.

ரெண்டாவது ஆள் நைட்ரஜன். சாதாரணமா எதோடயும் சேராத வாயு, ஆனா அவ்வளவு சூட்டுல மெக்னீசியம் அதையும் விடாது. கொஞ்சம் மெக்னீசியம் நைட்ரைடு உருவாகும். அதுல வெயிட் ஏற்றம் குறைவு. மொத்தமும் நைட்ரைடா மாறினா 0.24 கிராம் 0.33 வரைக்கும்தான் போகும். கண்டுபிடிக்கிறது ஈஸி. குரூசிபிள் ஆறினதும் நாலு சொட்டுத் தண்ணி விட்டு மறுபடி சூடாக்கணும். நைட்ரைடு இருந்தா அம்மோனியா வாடை லேசா மூக்குல ஏறும், நல்லா சூடாக்கினா மிச்சம் ஆக்ஸைடாயிடும். அதுக்கப்புறம் வெயிட் 0.40-க்கு வந்துட்டா திருடன் நைட்ரஜன். வரலைன்னா, உள்ள எரியாத உலோகம் பளபளன்னு மிஞ்சியிருக்கான்னு பாக்கணும். அதுவும் இல்லைன்னா புகைதான். எனக்கு எதுன்னு இனிமே தெரியப் போறதில்ல, குரூசிபிளைக் கழுவி வெச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்ல. 17-ம் நூற்றாண்டுல ராபர்ட் பாயில் மூடின கண்ணாடிப் பாத்திரத்துல தகரத்தைச் சூடாக்கினார். வெயிட் ஏறியிருந்துச்சு. நெருப்போட துகள்கள் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்து ஒட்டிக்கிச்சுன்னு முடிவு பண்ணிட்டார். அவர் செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணு, பாத்திரத்தைத் திறந்த பிறகு எடை போட்டார். 1774-ல லாவாய்சியே அதே சோதனையைச் செஞ்சு, திறக்கிறதுக்கு முன்னாடியே எடை போட்டார். மாற்றமே இல்ல. திறந்தப்போ வெளிக்காத்து உள்ள பாய்ஞ்சது, அப்போதான் வெயிட் ஏறுச்சு. தகரம் உள்ள இருந்த காத்துல ஒரு பங்கைத் தின்னுருச்சு, அந்தக் காலி இடத்தை நிரப்ப வந்த காத்தோட எடைதான் அது. கோடிங் பண்றவங்களுக்குப் புரியும்: பக் லாஜிக்ல இல்ல, லாக் எடுத்த இடத்துல.

வீட்ல செய்யணும்னா மெக்னீசியம் வேண்டாம், அந்த வெளிச்சத்தை நேராப் பாத்தா கண்ணு போயிடும். அரை லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில் போதும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, அழுத்தத்துல வெடிக்கலாம். உள்ள 50 மில்லி வினிகர், ஒரு சின்ன ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில 2 கிராம் சமையல் சோடா. குப்பியை மூடாம நிக்க வெச்சு, பாட்டிலை இறுக்கி மூடி எடை போடுங்க. அப்புறம் சாய்ச்சுக் கலக்குங்க. பாட்டில் கல்லு மாதிரி இறுகும், தராசு அசையாது. மூடியைத் திருகினா ‘உஸ்’ஸுன்னு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கம்மியா இறங்கும்.

நிறைய பேர் பாட்டில் வாயில பலூன் மாட்டிச் செய்வாங்க. அங்க ஒரு பொறி இருக்கு. எதுவுமே கசியாட்டியும் தராசு அரை கிராமுக்கு மேல குறைச்சுக் காட்டும். பலூன் அரை லிட்டருக்கு மேல உப்பி, அந்த அளவு வெளிக்காத்தைத் தள்ளுது. ஒரு லிட்டர் காத்து 1.2 கிராம். தண்ணிக்குள்ள நம்மைத் தூக்குற மாதிரி, காத்து பலூனைத் தூக்கிப் பிடிக்குது. நிறை உள்ளேயே பத்திரமா இருக்கு, தராசுக்குத்தான் அது தெரியல.