கேட்டில் யார் பெயரைச் சொல்வது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நேர்முகத் தேர்வுக்கு வருபவரை முதலில் சந்திப்பவர் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிதான். உங்கள் மதிப்பெண் அவருக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. கையில் இருக்கும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் உள்ளே யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதை மட்டும் அவர் பார்க்கிறார். முந்தின நாள் நீங்கள் செய்யும் போன், இந்த இரண்டுக்கும் பதில் தேடித்தான்.

விழுப்புரத்தில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒருவருக்கு, மறுநாள் காலை 9.30-க்கு டிரெய்னி வேலைக்கான இன்டர்வியூ என்று வைத்துக்கொள்வோம். வந்த மின்னஞ்சலின் அடியில் கிண்டி முகவரி இருக்கிறது. அது கம்பெனியின் பதிவு அலுவலகமாக இருக்கலாம். ஆலை ஒரகடத்தில் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். ஒரகடம் என்றால் அவர் சிங்கப்பெருமாள் கோவிலிலேயே இறங்கி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போகவேண்டும். கிண்டி வரை போய்விட்டு விஷயம் தெரிந்தால், வந்த வழியே திரும்பி ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எழுத்துத் தேர்வு முடிந்திருக்கும்.

அதனால் முகவரியை "ஒரகடம்தானே சார்?" என்று கேட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. ஒரே கம்பெனிக்கு அங்கே இரண்டு பிளான்ட் இருப்பதுண்டு. சிப்காட் பிளாட் எண் என்ன, பஸ் நிறுத்தம் எது, எந்த கேட் என்று கேளுங்கள். பெரிய ஆலைகளில் சரக்கு லாரிக்கு ஒரு வாசல், ஊழியர்களுக்கு ஒரு வாசல் என்று தனித்தனியாக இருக்கும். மொபைல் வரைபடம் லாரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், சுற்றுச்சுவரை ஒட்டி அடுத்த வாசலுக்கு நடக்கவே நேரம் போய்விடும்.

அடுத்தது, கேட்டில் சொல்லவேண்டிய பெயர். இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். "எச்.ஆர். வரச் சொன்னாங்க" என்றால் செக்யூரிட்டியால் ஒன்றும் செய்ய முடியாது; எச்.ஆரில் பலர் இருப்பார்கள். ஆளின் பெயர், பிரிவு, நேரடி எண் மூன்றும் வேண்டும். உங்களுக்கு போன் செய்தவர் கன்சல்டன்சிக்காரர் என்றால், அவர் பெயர் கேட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. "கம்பெனிக்குள்ளே யாரைக் கேட்கணும், லிஸ்ட் எந்தப் பேர்ல இருக்கும்?" என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள்.

கூடவே உங்கள் பெயரையும் சரிபார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பட்டியலில் அப்பா பெயரே முதலில் என்று நம் பெயர்கள் மூன்று விதமாகக் கிடக்கின்றன. ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கூட்டிச் சொல்லி, பட்டியலிலும் அப்படியே போடச் சொல்லுங்கள்.

சான்றிதழ்களில் கேட்கவேண்டியது, ஒரிஜினல் வேண்டுமா, நகல் எத்தனை செட் என்பதுதான். டிப்ளமோக்காரர் என்றால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், புரொவிஷனல் அல்லது டிப்ளமோ சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆகியவற்றைக் கேட்பது வழக்கம். முன்பே வேலை பார்த்தவர் என்றால் ரிலீவிங் லெட்டரும் சம்பளச் சீட்டும் சேரும். ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டு வரவேண்டியது நகல் மட்டும்தான். பாதுகாப்பு ஷூ போட்டு வரவேண்டுமா என்பதையும் கேட்டுவிடலாம்.

போன் செய்ய நல்ல நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணிக்குள். மாலையில் கம்பெனி பஸ் கிளம்பிவிட்டால் அந்த மேஜையில் ஆள் இருக்காது. பேசியதும் அதே எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "வணக்கம் மேடம். நாளை காலை 9.30, ஒரகடம் பிளான்ட் 2, ஊழியர் கேட். உங்கள் பெயரைச் சொல்லி உள்ளே வருகிறேன். ஒரிஜினலும் இரண்டு செட் நகலும் கொண்டுவருகிறேன். ஏதாவது மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." நீங்கள் தவறாகக் கேட்டிருந்தால், படிப்பவர் அங்கேயே திருத்திவிடுவார்.

இந்த விவரங்களை ஒரு காகிதத்திலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல ஆலைகளில் கேட்டிலேயே மொபைலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எண்ணும் பெயரும் அதற்குள்ளேயே இருந்தால் உள்ளே போனபிறகு கைக்கு வராது.

ஒன்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாட் எண் கேட்டால் மழுப்பி, உள்ளே யாரைப் பார்ப்பது என்று சொல்லாமல், கேட் பாஸுக்கோ யூனிஃபார்முக்கோ பணம் அனுப்பச் சொன்னால், அந்த இன்டர்வியூவுக்குப் பஸ் ஏறாதீர்கள்.