இருப்பு 540, ஆனாலும் ஏன் சிவப்பு?

கோவையில் மோனோபிளாக் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். ரேக்கில் 6203 பேரிங் 540 இருக்கிறது. ஒரு நாளைக்குச் சராசரியாக 40 செலவாகிறது. பதிமூன்று நாள் தாங்கும் சரக்குதான். ஆனாலும் ரிப்போர்ட்டில் அந்த வரி சிவப்பாகத் தெரிகிறது. ஏன்?

முதலில் 'லீட் டைம்' என்ற கட்டத்தைப் பாருங்கள். 7 என்று இருக்கிறது. சரக்கு வேண்டும் என்று கேட்டதிலிருந்து அது கைக்கு வர ஆகும் நாட்கள் இவை. அந்த ஏழு நாளில் 280 பேரிங் செலவாகிவிடும். எல்லாம் வழக்கப்படி நடந்தால், இருப்பு 280 ஆகும்போது ஆர்டர் போட்டால் போதும்.

ஆனால் கோடையில் பம்ப் உற்பத்தி கூடினால் ஒரு நாளைக்கு 55 போகும். சப்ளையரும் சில சமயம் பத்து நாள் இழுப்பார். இரண்டும் சேர்ந்து வந்தால் தேவை 550. வழக்கமான 280 போக மிச்சம் 270. இதுதான் 'சேஃப்டி ஸ்டாக்'. 280-உம் 270-உம் சேர்ந்த 550 'ரீஆர்டர் லெவல்'. இருப்பு அதற்குக் கீழே இறங்கியதால்தான் சிவப்பு. ஆர்டர் போடும் முன், ஏற்கெனவே போட்டு வரவேண்டியது ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில ரிப்போர்ட்டுகள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தக் கணக்கில் பெரும்பாலும் பிசகுவது லீட் டைம்தான். சப்ளையர் சொன்ன ஏழு நாளை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பார்கள். இன்டென்ட்டில் கையெழுத்து வாங்க இரண்டு நாள், வந்த சரக்கை இன்ஸ்பெக்ஷன் முடித்து ரேக்கில் வைக்க ஒரு நாள் ஆகும். உண்மையில் பத்து நாள். வழக்கமான செலவே 400 ஆகிவிடுவதால், ஆபத்துக்கு என்று வைத்த 270-இல் 120 ஒவ்வொரு முறையும் கரைகிறது. ரிப்போர்ட் இதைக் காட்டாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடைசி ஆறு கொள்முதலுக்கு இன்டென்ட் எழுதிய தேதி, சரக்கு ரேக்குக்கு வந்த தேதி, அது வரும்போது இருந்த பழைய இருப்பு மூன்றையும் எழுதிப் பாருங்கள். பழைய இருப்பு 270-ஐ ஒட்டி ஏறி இறங்கினால் கணக்கு சரி. திரும்பத் திரும்ப 150 பக்கம் நின்றால் லீட் டைமோ தினசரிச் செலவோ தவறு. எப்போதும் 400-க்கு மேல் இருந்தால் முதலாளியின் பணம் ரேக்கில் முடங்கிக் கிடக்கிறது.

வருடத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் தேவைப்படும் மெஷின் ஸ்பேருக்கு இந்தச் சராசரிக் கணக்கு பொருந்தாது. அதற்கு மெயின்டனன்ஸ் பிரிவைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேரிங்குக்கு வழக்கமான லீட் டைம் 10 நாள், அதிகபட்சம் 13 நாள் என்று தேதிகள் காட்டினால், 55-ஐ 13-ஆல் பெருக்குங்கள். புதிய ரீஆர்டர் லெவல் 715. எழுதிய தேதிகளோடு பர்ச்சேஸ் பிரிவுக்குப் போய் அந்த எண்களை மாற்றச் சொல்லுங்கள். இன்டென்ட் தேதியும் ரேக்குக்கு வந்த தேதியும் ஸ்டோர்கீப்பரிடம்தான் இருக்கின்றன.