டவுன்லோட் பொத்தான் எங்கே போனது?

யூடியூப் செயலியில் சமையல் வீடியோவின் கீழே டவுன்லோட் பொத்தான் தெரிகிறது; அடுத்துத் திறந்த சினிமாப் பாட்டில் அது மங்கிக் கிடக்கிறது. போனில் கோளாறு என்று பலர் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை.

ஆஃப்லைன் வசதி இந்தியாவுக்கு 2014 டிசம்பரில் வந்தது. அப்போதிருந்தே, எந்த வீடியோவைச் சேமிக்க விடுவது என்பது உரிமை வைத்திருப்பவரின் அனுமதியைப் பொறுத்தது. பார்க்க அனுமதிப்பது வேறு, போனில் வைத்துக்கொள்ள அனுமதிப்பது வேறு. அதனால்தான் பாடல்களில் இந்தத் தடை அதிகம். நேரலையையும் முடியும்வரை சேமிக்க முடியாது. பிரீமியம் சந்தா கட்டினால் கூடுதலான வீடியோக்கள் திறக்கும். நாட்டுக்கு நாடும் இது மாறும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: வேறு சேனலின் சாதாரண வீடியோ ஒன்றைத் திறந்து பாருங்கள். அங்கே பொத்தான் வேலை செய்தால், தடை அந்த ஒரு வீடியோவுக்குத்தான். எதிலுமே வராவிட்டால், கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்களா, செயலி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேமித்த பிறகும் அவ்வப்போது இணையத்தில் இணைய வேண்டும். பிரீமியத்தில்கூட 29 நாள்தான் கெடு.